தொட்டி அல்ல, கிணறு



திண்டுக்கல்லிலிருந்து ஒட்டன்சத்திரம் போகும் சாலையை விட்டு உள்ளே திரும்பினால், மூன்று கிலோமீட்டரில் என் அக்கா வீடு. இரண்டு கறவை மாடு, ஒரு கிணறு, கொஞ்சம் கத்தரிக்காய். சென்ற மாதம் அங்கே போயிருந்தபோது கூடத்து மூலையில் இன்வெர்ட்டர் மேல் துணி போர்த்தி மூடியிருந்தார்கள். வாங்கி இரண்டு கோடை முழுதாக ஆகவில்லை. கரண்ட் போனால் இருபது நிமிடம்கூட நிற்பதில்லை என்றார் அக்கா. வாரண்டி அட்டையோடு போய்க் கேட்டதற்கு, பேட்டரியை வெறுமையாக வைத்துக் கெடுத்திருக்கிறீர்கள், இதற்கு வாரண்டி பொருந்தாது என்று அனுப்பிவிட்டார்களாம். அவருக்குப் பணம் போனதைவிட அந்தச் சொல்தான் உறுத்தியது. "நான் என்ன கெடுத்தேன்? அவங்க சொன்ன மாதிரிதானே வச்சிருந்தேன்" என்றார்.

அவர் சொன்னது முழு உண்மை. எப்படி என்று தெரிந்துகொண்டபோது, இந்த மாதப் பக்கத்தை இதற்கே ஒதுக்கிவிட்டேன். நம் வாசகர்களில் கடை வைத்திருப்பவர்கள், வீடு வீடாகப் போய்ப் பொருள் விற்பவர்கள், பழுது பார்ப்பவர்கள் நிறைய பேர். வாங்குகிறவர்கள் நாம் எல்லோருமே.

வாங்கிய நாளில் கடைக்காரர் முதலில் அட்டையில் உள்ளதை அப்படியே சொல்லியிருக்கிறார். 900 வி.ஏ., ப்யூர் சைன் வேவ், 150 ஏ.எச்., டால் டியூபுலர், சி20. அக்கா விழிப்பதைப் பார்த்ததும் அவர் மனமிரங்கித்தான் விளக்கியிருக்கிறார். "பேட்டரிங்கறது மாடியில இருக்கிற தண்ணித் தொட்டி மாதிரிம்மா. கரண்ட் இருக்கறப்ப ரொம்பும். போனதும் நீங்க பாட்டுக்குத் திறந்து விட்டுக்கலாம். உங்க மூணு ஃபேன், நாலு லைட்டு, டிவி எல்லாம் சேத்து அஞ்சரை மணி நேரம் தாராளமா ஓடும்."

நல்ல ஒப்புமைதான். அக்கா அன்றைக்கே புரிந்துகொண்டார். புரிந்துகொண்டதோடு நிற்காமல், தொட்டியைப் பற்றித் தனக்குத் தெரிந்த எல்லாவற்றையும் பேட்டரிக்கும் பொருத்திக்கொண்டார். தொட்டியில் கடைசிச் சொட்டு வரை எடுக்கலாம். ஆகவே இன்வெர்ட்டர் கூவிக் கூவித் தானாக அணையும்வரை ஓடவிட்டார். குழாயை அகலமாகத் திறந்தாலும் தொட்டியில் இருக்கும் தண்ணீர் அதேதான். ஆகவே மின்தடையின்போது எல்லாவற்றையும் போட்டுவிட்டார். காலித் தொட்டி காய்ந்து கிடந்தால் தொட்டிக்கு ஒன்றும் ஆகாது. ஆகவே மகள் பிரசவத்துக்குக் கோவை போனபோது, அணைந்து கிடந்த பேட்டரியை அப்படியே விட்டு, மெயினையும் இறக்கிவிட்டு இருபது நாள் போய்விட்டார். கடைக்காரர் தொட்டியின் ஒரு பக்கத்தை மட்டும் மனதில் வைத்துச் சொன்னார். அக்கா முழுத் தொட்டியையும் வாங்கிக்கொண்டு வந்தார்.

மறுநாள் காலை பேட்டரி பார்க்கிற அண்ணன் ஒருவர் வந்தார். அறுபது வயதிருக்கும். டிராக்டர் பேட்டரியில் தொழில் பழகியவர். பையிலிருந்து ஒரு கண்ணாடிக் குழாயை எடுத்தார். மேலே ரப்பர் குமிழ், உள்ளே மிதக்கிற சின்னக் கோல். அதை ஹைட்ரோமீட்டர் என்பார்கள். அவர் அந்தப் பெயரைச் சொல்லவே இல்லை.

"தாயி, பால் சொசைட்டியில பாலுக்குள்ள ஒரு மானி போடுவாங்கள்ல?"

"ஆமாண்ணே. தண்ணி கலந்திருந்தா உள்ள முங்கும்."

"அதே மானிதான் இது. இங்க பாலுக்குப் பதிலா அமிலம். பேட்டரி ரொம்பியிருந்தா அமிலம் கெட்டியா இருக்கும், மானி மேல நிக்கும். பேட்டரி எறங்க எறங்க அமிலம் தண்ணியா நீர்த்துப்போகும், மானி முங்கும்."

அந்த பேட்டரியில் ஆறு அறை. முழுதாக நிறைந்த இன்வெர்ட்டர் பேட்டரியில் மானி 1.240ஐ ஒட்டிக் காட்ட வேண்டும். ஒரு நாள் முழுக்க சார்ஜில் இருந்தும் அக்கா வீட்டு பேட்டரியில் ஐந்து அறைகள் 1.180ஐத் தாண்டவில்லை. ஓர் அறையில் மானி இன்னும் கீழே போய் நின்றது. அக்கா குனிந்து தானே பார்த்தார். தினமும் இரண்டு வேளை பால் ஊற்றி, மானி காட்டும் எண்ணைப் பார்த்துக் காசு வாங்குகிறவர். அவருக்கு அதற்குமேல் யாரும் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. "இந்தக் குழி செத்துப்போச்சு, மத்ததும் நீர்த்துக் கெடக்கு" என்று அவரே சொன்னார்.

நான் கவனித்தது அந்த அண்ணன் ஒப்புமையைத் தேடிய இடத்தை. அவர் பொதுவாக எல்லோருக்கும் தெரிந்த ஒன்றை எடுக்கவில்லை. வாசலில் கட்டியிருந்த மாட்டைப் பார்த்து, அக்கா கையால் செய்கிற வேலையிலிருந்து எடுத்தார். அதோடு, மானி வெறும் சாயலுக்காகச் சொன்னதும் இல்லை. பால்மானியும் அமிலமானியும் ஒரே விதியில்தான் மிதக்கின்றன. பாலில் தெரிந்த எதை இங்கே பொருத்தினாலும் பிசகாது.

அதன்பின் அவர் தொட்டிக்கு வந்தார். அக்கா கடைக்காரர் சொன்னதைச் சொன்னதும், தலையாட்டிக்கொண்டே கேட்டார்.

"தாயி, உங்க கெணத்துல கோடையில மோட்டார் போட்டா எவ்வளவு நேரம் ஓடும்?"

"முக்கா மணி நேரத்துல காத்து இழுக்க ஆரம்பிச்சிரும். நிறுத்திட்டு ஒரு மணி நேரம் விட்டா மறுபடி பத்து நிமிசம் ஓடும்."

"மோட்டார் போடாம, கவலை கட்டி மெதுவா எறைச்சிருந்தா?"

"அப்ப நாள் பூரா வரும். ஊத்து ஊறிக்கிட்டே இருக்கும்ல."

"பேட்டரி கெணறு, தாயி. தொட்டி இல்ல."

அந்த இடத்தில் அக்கா முகம் மாறியதை நான் பார்த்தேன். அவருக்கு உடனே நினைவு வந்தது: "ஆமாண்ணே! அணைஞ்ச பெறகு அரைமணி கழிச்சுப் போட்டா கொஞ்ச நேரம் எரியும். எப்படின்னு யோசிச்சிருக்கேன்." தொட்டியை வைத்துக்கொண்டு இதை விளக்கவே முடியாது. காலியான தொட்டி அரைமணியில் தானாக நிரம்பாது. கிணற்றில் அது தினசரிக் காட்சி.

உள்ளே நடப்பது இதுதான். ஈயத் தகடுகளில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் இருக்கின்றன. மின்சாரம் எடுக்கும்போது அந்தத் துளைகளுக்குள் இருக்கும் அமிலம் செலவாகிறது. வெளியே இருக்கும் அமிலம் உள்ளே ஊறி வந்து அந்த இடத்தை நிரப்ப வேண்டும். மெதுவாக எடுத்தால் ஊறி வர நேரம் கிடைக்கும். வேகமாக எடுத்தால் வெளியே அமிலம் மிச்சமிருக்கும்போதே துளைகள் வறண்டு, மின்னழுத்தம் விழுந்து, இன்வெர்ட்டர் அணைந்துவிடும். பியூகெர்ட் என்ற ஜெர்மானியர் 1897இல் இதை ஒரு சூத்திரமாகவே எழுதி வைத்திருக்கிறார். அட்டையில் இருக்கும் சி20 என்ற எழுத்தும் இதைத்தான் சொல்கிறது: 150 ஏ.எச். என்பது இருபது மணி நேரம் எடுத்து மெதுவாக இறைத்தால் கிடைக்கும் அளவு. ஏழரை ஆம்பியர் வீதம் இருபது மணி நேரம். நான்கு மணி நேரத்தில் இறைத்துத் தீர்த்தால் 150 வராது.

இதையே அந்த அண்ணன் லாரி ஓட்டும் பக்கத்து வீட்டுத் தம்பிக்கு வேறு மாதிரி சொன்னார். அந்தத் தம்பி வேடிக்கை பார்க்க வந்து நின்றிருந்தான். "சி ட்வென்டிங்கறது கம்பெனிக்காரன் சொல்ற மைலேஜ்டா. லோடு இல்லாம, சமதரையில, ஒரே வேகத்துல போனா கெடைக்கறது. நீ கொடைக்கானல் மலையில லோடு ஏத்திட்டுப் போயி அதே மைலேஜ் கேட்டா?" தம்பி சிரித்துவிட்டான். ஒரே விஷயம்தான். அக்காவுக்குக் கிணறு, லாரிக்காரருக்கு மைலேஜ்.

ஆனால் கிணற்றோடும் அவர் நிற்கவில்லை. இதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. "ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்கங்க தாயி. கெணத்துக்கு மழை பேஞ்சு நிலத்துக்குள்ளருந்து தண்ணி வரும். இதுக்கு வராது. ஓய்வு குடுத்தா உள்ள மிச்சம் இருக்கறதுதான் கொஞ்சம் ஊறும். புதுசா வரணும்னா ஈபி கரண்ட்டுதான் வரணும்" என்றார். தான் சொன்ன ஒப்புமை எந்த வரப்போடு முடிகிறது என்பதைத் தானே காட்டிவிட்டார். அந்த ஒரு வாக்கியம் இல்லாமல் போயிருந்தால், அக்கா இன்னொரு முறை பேட்டரியை ஓய்வில் விட்டு நிரம்பக் காத்திருப்பார்.

வெறுமையாக விட்டால் ஏன் கெடும் என்பதற்குக் கிணறு உதவாது. அதற்கு அவர் அடுப்படிக்குப் போனார். சாதம் வடித்த பானையை உடனே கழுவினால் ஒரு அலசலில் போய்விடும். இரண்டு நாள் அப்படியே போட்டால் பருக்கை காய்ந்து ஒட்டிக்கொள்ளும். பேட்டரி இறங்கும்போதெல்லாம் தகட்டின் மேல் ஈய சல்பேட் என்ற வெள்ளைப் படிவு பருக்கை போலப் படிகிறது. அது குற்றமில்லை, பேட்டரி வேலை செய்வதே அப்படித்தான். உடனே சார்ஜ் ஏறினால் படிவு கரைந்து அமிலமாகத் திரும்பிவிடும். நாள்கணக்கில் விட்டால் படிகம் பெரிதாகி இறுகிவிடும். தகட்டின் இறுகிய பகுதி அதன்பின் வேலைக்கு ஆகாது. இங்கேயும் அவர் எல்லையைச் சொன்னார்: பானையை ஊறவைத்துத் தேய்த்தால் எப்படியும் போய்விடும், இதைத் தேய்க்க வழி கிடையாது. பேட்டரியைத் திரும்ப எழுப்பித் தருகிறேன் என்று பொடியும் திரவமும் விற்கிறவர்களிடம் காசு கொடுக்க வேண்டாம் என்பதையும் சேர்த்தே சொன்னார்.

அக்கா கோவை போன இருபது நாள்தான் பேட்டரியை முடித்தது. ஊருக்குப் போகும்போது என்ன செய்ய வேண்டும் என்று அந்த அண்ணன் சொல்லவே இல்லை. அக்காவே சொன்னார்: "ரொப்பிட்டுப் போகணும். பானையக் கழுவி வச்சிட்டுப் போற மாதிரி."

விளக்கம் சரியாகச் சென்று சேர்ந்ததற்கு அடையாளம் இது என்று எனக்குப் படுகிறது. கேட்டவர் தலையாட்டினால் போதாது. நாம் சொல்லாத ஒரு சந்தர்ப்பத்தில் என்ன செய்ய வேண்டும் என்பதை அவரே சரியாகச் சொல்ல வேண்டும். கடைகளில் பேட்டரிதான் இன்வெர்ட்டரின் இதயம் என்று சொல்லக் கேட்டிருப்பீர்கள். அதை வைத்துக்கொண்டு வாங்குகிறவர் எந்த முடிவும் எடுக்க முடியாது. எவ்வளவு நேரம் ஓடும், எதைப் போடக்கூடாது, எப்போது தண்ணீர் ஊற்ற வேண்டும், எதற்கும் இதயத்திடம் பதில் இல்லை. அப்படிப்பட்ட ஒப்புமையை நான் என் பக்கத்தில் அச்சிடமாட்டேன், கடைக்காரர்களும் விட்டுவிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

ஒப்புமை சொல்லி விளக்கும் இந்தக் கலைக்கு ஒரு பழைய முன்னோடி உண்டு. நம் விவசாயிகள் கிணற்று மோட்டாரை ஐந்து எச்.பி., ஏழரை எச்.பி. என்று சொல்கிறார்கள் அல்லவா? அந்தக் குதிரை, விற்பனைக்காகப் பிறந்த ஒப்புமை. 18ஆம் நூற்றாண்டில் ஜேம்ஸ் வாட்டும் அவர் கூட்டாளி போல்ட்டனும் இங்கிலாந்தின் கார்ன்வால் சுரங்கங்களுக்கு நீராவி இயந்திரம் கொடுத்தார்கள். அங்கே ஏற்கெனவே பழைய மாதிரி இயந்திரம் இருந்தது. அதைவிட எவ்வளவு நிலக்கரி மிச்சமாகிறதோ அதில் மூன்றில் ஒரு பங்கைக் கட்டணமாகத் தரச் சொன்னார்கள். பிறகு மாவு ஆலை, பீர் ஆலை முதலாளிகள் வந்தார்கள். அவர்களிடம் பழைய இயந்திரமே கிடையாது. குதிரைகள்தான் செக்குமாடு போலச் சுற்றிச் சுற்றி இழுத்துக்கொண்டிருந்தன. அவர்களுக்குத் தெரிந்த கணக்கு ஒன்றே: எத்தனை குதிரை, எவ்வளவு தீனி.

அதனால் வாட் குதிரையைக் கணக்கெடுத்தார். 12 அடி ஆரமுள்ள வட்டத்தில், 180 பவுண்டு விசையோடு இழுத்து, மணிக்கு 144 சுற்று. பெருக்கி, முழு எண்ணாக்கி, நிமிடத்துக்கு 33,000 பவுண்டை ஓரடி உயர்த்தும் வேலை என்று 1783இல் நிறுத்தினார். நம் கணக்கில் ஏறக்குறைய 250 கிலோவை ஒரு வினாடியில் ஓரடி தூக்குவது. உங்கள் இயந்திரம் பத்துக் குதிரை என்றால் முதலாளிக்குப் புரிந்துவிட்டது.

இதில் கவனிக்க வேண்டியது அவர் அளவை நிறுத்திய உயரம். சாதாரணக் குதிரை நாள் முழுக்க அந்த அளவுக்கு இழுக்காது. பத்துக் குதிரை என்று வாங்கியவர் ஆலைக்குப் போய் ஓட்டிப் பார்த்தபோது, தன்னிடம் இருந்த பத்துக் குதிரையைவிட அதிகமாகவே வேலை நடப்பதைக் கண்டார். அக்காவுக்குச் சொன்ன தொட்டி, பொருளால் தரமுடியாததைச் சொன்னது. வாட்டின் குதிரை, பொருள் தருவதைவிடக் குறைத்துச் சொன்னது. அதனால்தான் அந்தக் குதிரை இன்றும் நம் வயல் மோட்டாரில் ஓடுகிறது. ஓர் எச்.பி. என்பது 746 வாட். அந்த வாட்டும் அவர் பெயர்தான்.

இப்போது அக்காவுக்குச் சொன்ன ஐந்தரை மணி நேரத்தைப் பார்ப்போம். இந்தக் கணக்கை அன்று மாலை திண்ணையில், காலண்டர் தாளின் பின்புறத்தில் நாங்கள் போட்டோம். எல்லோருக்கும் தெரிந்த அளவு ஈபி அட்டையில் இருக்கிற யூனிட். 1000 வாட் சாமான் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். 12 வோல்ட் பேட்டரியில் 150 ஏ.எச். என்றால் 12ஐ 150ஆல் பெருக்கி 1800. அதாவது 1.8 யூனிட். இரண்டு ஆள் சேர்ந்து தூக்குகிற அந்த கனத்துக்குள் இரண்டு யூனிட்கூட இல்லை என்பது அக்காவுக்கு நம்ப முடியாமல் இருந்தது.

வீட்டில் ஓடுவது: மூன்று சாதாரண மின்விசிறி, ஒவ்வொன்றும் 75 வாட் என்று 225. நான்கு எல்.இ.டி. பல்பு, ஒவ்வொன்றும் 9 என்று 36. டிவி 60, வைஃபை பெட்டி 10. மொத்தம் 331. கடைக்காரர் 1800ஐ 331ஆல் வகுத்து ஐந்தரை மணி நேரம் என்றார். வகுத்தலில் தவறில்லை. ஆனால் அது இறைக்காத கிணற்றின் கணக்கு.

முதலில், இன்வெர்ட்டர் தன் வேலைக்குக் கூலி எடுக்கும். நெல்லை அரைத்தால் உமி போவது போல, நூற்றுக்குப் பதினைந்து வெப்பமாகப் போகிறது என்று வையுங்கள். ஆக 331 வேண்டுமானால் பேட்டரியிலிருந்து 390 எடுக்க வேண்டும். 12ஆல் வகுத்தால் 32 ஆம்பியர். இருபது மணி நேர அளவான ஏழரை ஆம்பியரைப்போல நான்கு மடங்குக்கும் மேல். அந்த வேகத்தில் இறைத்தால் இந்தக் கிணறு 150 தராது. ஏறக்குறைய 115தான் தரும். 115ஐ 32ஆல் வகுத்தால் மூன்றரை மணி நேரம். அதுவும் பேட்டரி புதிதாக இருக்கும்போது.

டிவியை நிறுத்தி, இரண்டு விசிறியும் ஒரு பல்பும் மட்டும் என்றால் 159 வாட். பேட்டரியிலிருந்து ஏறக்குறைய 16 ஆம்பியர். மெதுவாக இறைப்பதால் கிணறு 135 வரை தரும். எட்டரை மணி நேரம். சுமை பாதியானால் நேரம் இரண்டு மடங்கைத் தாண்டிக் கிடைக்கிறது. இந்த அதிகப்படி எங்கிருந்து வந்தது என்று அக்கா கேட்கவில்லை. "ஊத்துக்கு நேரம் குடுத்தோம்ல" என்றார்.

மூன்று விசிறியையும் 30 வாட் எடுக்கும் பி.எல்.டி.சி. விசிறியாக மாற்றினால் 225 என்ற எண் 90ஆகிவிடும். இன்னொரு பேட்டரி வாங்குவதற்கு முன்னால் விசிறியைப் பார்க்கச் சொல்லுங்கள் என்றார் அந்த அண்ணன். பேட்டரியை வைத்துப் பிழைக்கிறவர் வாயிலிருந்து வந்ததால் அந்தச் சொல்லுக்கு என் மனதில் தனி மதிப்பு.

நிரம்புவதற்கும் நேரம் வேண்டும். பெரும்பாலான வீட்டு இன்வெர்ட்டர் பத்து, பதினைந்து ஆம்பியரில்தான் ஏற்றும். காலியான 150 ஏ.எச். நிரம்பப் பத்திலிருந்து பதினைந்து மணி நேரம் பிடிக்கும். காலையில் மூன்று மணி நேரம் போன கரண்ட் மாலையிலும் போனால், மாலைக்குப் பாதிக் கிணறுதான்.

மற்றச் சொற்களைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். 900 வி.ஏ. என்பது டீக்கடையில் தூக்கி ஆற்றிய டம்ளர். பார்வைக்கு விளிம்புவரை நிறைந்திருக்கும். குடிக்கக் கிடைப்பது நுரை போக மிச்சம். 900 வி.ஏ. பெட்டியில் ஏறக்குறைய 700 வாட்தான் சாமானுக்கு. அது எவ்வளவு என்று கடையிலேயே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளலாம். இந்த ஒப்புமைக்கும் எல்லை உண்டு. நுரை ஆறி அடங்கும், இது அடங்காது. சைன் வேவ் என்பது ஊஞ்சலை ஒரே சீராக ஆட்டுவது. மலிவான சதுர அலைப் பெட்டி, வினாடிக்கு ஐம்பது முறை அதை வெடுக்கென்று இழுத்துத் தள்ளுகிறது. விசிறி ரீங்காரமிட்டுச் சூடேறினால் அந்த இழுபறிதான் காரணம். ஃப்ரிட்ஜ் ஓடும்போது 150 வாட்தானே என்று போட்டால் பெட்டி அணைந்துபோவதற்கு, சேற்றில் நின்ற வண்டியை நினைத்துக்கொள்ளுங்கள். உருள ஆரம்பித்தால் ஒரு ஆள் தள்ளலாம், முதல் அசைவுக்கு நாலைந்து பேர் வேண்டும்.

தண்ணீர் விஷயத்தில் மட்டும் அந்த அண்ணன் எந்த ஒப்புமையும் சொல்லவில்லை. மிதவை கீழ்க்கோட்டுக்கு வரும்போது வடிகட்டிய பேட்டரித் தண்ணீர் மட்டும், மேல்கோட்டைத் தாண்டாமல். போர்த் தண்ணீர் கூடாது, அதன் உப்பு தகட்டைக் கெடுக்கும். அமிலம் ஊற்றவே கூடாது. சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வரும், பக்கத்தில் விளக்கோ ஊதுபத்தியோ வேண்டாம். அக்கா வீட்டில் சாமி மாடம் பேட்டரிக்கு இரண்டடி தள்ளித்தான் இருந்தது. அன்றைக்கே பேட்டரியை நடைக்கு மாற்றினோம். ஏன் இதற்கு மட்டும் கதை சொல்லவில்லை என்று கேட்டேன். "ஆபத்துக்கு உவமானம் சொல்லக்கூடாது தம்பி. கேக்கறவங்க அதை ரசிச்சிட்டு விட்டுருவாங்க. தீப்பிடிக்கும்னா தீப்பிடிக்கும்" என்றார்.

நான் ஊர் திரும்புவதற்கு முதல் நாள், புது பேட்டரி வாங்க அக்காவோடு திண்டுக்கல் போனேன். வேறொரு கடை. இருபது வயதுப் பையன் ஒருவன் நின்றிருந்தான். ஒரே மாதிரி இரண்டு பேட்டரியைக் காட்டி, இரண்டும் 150 ஏ.எச்.தான், ஒன்று கொஞ்சம் விலை கூட என்றான். ஏன் கூட என்று அவனுக்குச் சொல்லத் தெரியவில்லை. பிராண்டு அப்படி என்றான்.

அக்கா கேட்டார்: "இந்த நூத்தைம்பது எத்தனை மணி நேரத்துல எறைச்சா வர்ற நூத்தைம்பது தம்பி?"

பையன் ஒரு கணம் அக்காவைப் பார்த்தான். பிறகு குனிந்து, இரண்டு பேட்டரியையும் ஒவ்வொன்றாகத் திருப்பி, பக்கவாட்டில் ஒட்டியிருந்த சீட்டைப் படித்தான். விலை குறைந்ததில் சி20 என்று இருந்தது. மற்றதில் சி10.

"இது இருபது மணி நேரம்க்கா, இது பத்து மணி நேரம்" என்றான்.

"அப்ப வேகமா எறைச்சாலும் தாங்குறது இது" என்று அக்கா இரண்டாவதன் மேல் கை வைத்தார்.

பையன் பில் புத்தகத்தை எடுக்கவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு, "எறைக்கிறதுன்னா என்னக்கா?" என்று கேட்டான்.

அன்புடன்,
ஆசிரியர்